வலித்தால் நிறுத்தவும்

பிசியோதெரபி பயிற்சி மாணவியாக பகாவ் வட்டாரத்தில் இருந்தபோது, முழங்கால் தேய்மானத்துக்காக வந்த ஒரு அம்மாவின் சிகிச்சைக் குறிப்பில் "வீட்டுப் பயிற்சி செய்யவில்லை, ஒத்துழைப்புக் குறைவு" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவர் செய்யாதது உண்மை. செய்யாததற்குக் காரணம் இரண்டு வாரத்துக்கு முன் நான் எழுதிக் கொடுத்த தாள். அந்தத் தாளை எடுத்துப் படித்துப் பார்க்காமல் பழியை அவர் மேல் எழுதிவிட்டேன். எந்த மருத்துவமனை என்பது இங்கே தேவையில்லை. தாளை எழுதியவள் நான், குறிப்பை எழுதியவளும் நான்.

அந்த அம்மாவுக்கு அறுபது தாண்டிய வயது. பகாவைச் சுற்றியுள்ள தோட்டங்களில் அந்தத் தலைமுறைப் பெண்கள் வாழ்ந்த வாழ்க்கையைத்தான் அவரும் வாழ்ந்திருந்தார். விடியுமுன் பிரட்டுக்குப் போய், தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு, ஐந்நூறு மரம் போல ஒரு நிரையைச் சீவி முடிப்பது. வெட்டு கீழே இறங்கிய மரங்களில் குந்தித்தான் சீவ வேண்டும். ஒரு மரத்தில் குந்தி, எழுந்து, நடந்து, அடுத்த மரத்தில் மறுபடி குந்துவது. பிறகு மங்குகளில் சேர்ந்த பாலை எடுத்து, காண்டாவில் இரண்டு வாளியாகச் சுமந்துகொண்டு மேடு பள்ளத்தில் நடப்பது. குந்துவது, பாரம் தூக்குவது இரண்டும் நிறைந்த வேலையில் பல ஆண்டு இருந்தவர்களுக்கு முழங்கால் மூட்டுத் தேய்மானம் வரும் வாய்ப்பு அதிகம் என்பது எங்கள் பாடத்திலேயே இருக்கிறது. பால்மரம் போய்ச் செம்பனை வந்தபின் அவர் வேலையை விட்டுவிட்டார். லயத்திலிருந்து நகர்ப்பக்கத்துத் தாமான் வீட்டுக்கு மகனோடு வந்து, பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு இருந்தார். படிப்பு தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் நாலாம் வகுப்போடு சரி. தமிழை விரல் வைத்து மெதுவாகப் படிப்பார். மலாய் பேசுவார், படிப்பது கடினம்.

இப்படிப்பட்ட முழங்காலுக்குப் பயிற்சி ஏன் என்பதைச் சொன்னால்தான் என் தவறின் அளவு விளங்கும். மூட்டு வலிக்கும்போது தொடையின் முன்பக்கத் தசை தானாகவே வேலையைக் குறைத்துக்கொள்கிறது. அந்தத் தசைதான் நடக்கும்போதும் உட்கார்ந்து எழும்போதும் முழங்காலில் விழும் பாரத்தைத் தாங்கிக்கொடுப்பது. அது மெலிந்தால் பாரம் நேராக மூட்டில் இறங்கும், வலி கூடும், வலி கூடியதும் தசை இன்னும் மெலியும். இந்தச் சுழலை அறுக்க மாத்திரையால் முடியாது. தசைக்கு வேலை கொடுத்து மீண்டும் பலப்படுத்த வேண்டும். அதற்கு ஆறிலிருந்து எட்டு வாரமாவது ஆகும். மருத்துவமனையில் அவர் எங்களோடு இருப்பது இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, அரை மணி நேரம். மிச்சம் அத்தனையும் வீட்டில்தான் நடக்க வேண்டும். அதாவது, வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் தாள்தான் சிகிச்சையின் பெரும்பகுதி. அந்தப் பெரும்பகுதியை நான் மதிய உணவுக்கு முன் கிடைத்த பத்து நிமிடத்தில் எழுதி முடித்தேன்.

துறையில் இருந்த தாள்கள் மலாயிலும் ஆங்கிலத்திலும் இருந்தன. எனக்குத் தமிழ் எழுத வரும் என்பதால், தமிழில் ஒன்று தயார் செய் என்றார்கள். பெருமையாக இருந்தது. ஒரே பக்கத்தில் ஏழு பயிற்சிகளை அடக்கினேன். இடம் போதாததால் எழுத்தைச் சிறிதாக்கினேன். முதல் பயிற்சியை இப்படி எழுதியிருந்தேன்:

"மல்லாந்து படுத்த நிலையில் முழங்கால் மூட்டினை முழுமையாக நீட்டி, தொடையின் முன்புறத் தசையைச் சுருக்கி, 5 விநாடிகள் நிலைநிறுத்தித் தளர்த்தவும். 10 × 3, நாளொன்றுக்கு 2."

ஏழு பயிற்சிக்கும் அடியில், தடித்த எழுத்தில்: "வலித்தால் நிறுத்தவும்."

மேற்பார்வை செய்த பிசியோ அக்காவிடம் காட்டினேன். அவருக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. படங்களைப் பார்த்துத் தலையசைத்தார். அந்த அம்மாவிடம் தாளைக் கொடுத்து, ஒவ்வொன்றையும் கட்டிலில் ஒரு முறை செய்துகாட்டிவிட்டு, "புரிஞ்சுதாம்மா?" என்று கேட்டேன். "புரிஞ்சுது மிஸ்ஸி" என்றார். தாளை நாலாக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். இந்தக் கேள்விக்கு எங்கள் பெரியவர்கள் வேறு பதில் சொல்லவே மாட்டார்கள். தோட்டத்து டிரஸ்ஸரிடமும் தண்டலிடமும் கிராணியிடமும் வாழ்நாளெல்லாம் அந்தப் பதிலைத்தான் சொல்லியிருக்கிறார்கள். என் பாட்டியும் பால்மரம் சீவியவர்தான். அவர் அந்தப் பதிலை எத்தனை பேரிடம் சொல்லக் கேட்டிருக்கிறேன். அது எனக்குத் தெரியாத சங்கதி என்று சொல்லித் தப்பிக்க முடியாது.

இரண்டு வாரம் கழித்து வந்தார். தொடையைத் தொட்டுப் பார்த்தேன், தசையில் எந்த மாற்றமும் இல்லை. கை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழச் சொன்னேன், முடியவில்லை. "வீட்ல செஞ்சீங்களாம்மா?" என்றேன். "ஒரு நாள் செஞ்சேன்" என்று தலையைக் குனிந்துகொண்டார். அவ்வளவுதான் கேட்டேன். குறிப்பை எழுதிவிட்டேன்.

அன்று மாலை குறிப்புகளைச் சரிபார்த்த மேற்பார்வை அக்கா அந்த வரியில் நின்றார். "செய்யலைன்னு எழுதியிருக்க. ஏன் செய்யலைன்னு எங்க எழுதியிருக்க?" என்றார். நான் அவர் வயதைச் சொன்னேன், பேரப்பிள்ளைகளைச் சொன்னேன், நம்மவர்களுக்கு மாத்திரை மேல்தான் நம்பிக்கை என்றும் சொன்னேன். அந்தக் கடைசி வாக்கியத்தைச் சொன்னதற்காக இன்றும் கூசுகிறேன். அக்கா வாதாடவில்லை. அடுத்த முறை அந்தத் தாளை அவர் கையில் கொடுத்து, நீ ஒரு வார்த்தையும் பேசாமல், அவரையே படித்துச் செய்துகாட்டச் சொல் என்றார்.

அடுத்த முறை அப்படியே செய்தேன். சிகிச்சை அறையில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு வாயை மூடி உட்கார்ந்திருந்தேன். அவர் தாளை விரித்தார். மடிப்பு விழுந்த இடத்தில் எழுத்து அழிந்திருந்தது. கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்தார். முதல் வரியில் விரல் ஓடியது, "நிலைநிறுத்தி"யில் நின்றது, மறுபடி வரியின் தொடக்கத்துக்கு வந்தது. பிறகு எழுத்தை விட்டுவிட்டு, காலைத் தூக்கும் பயிற்சியின் படத்துக்குப் போனார். கால் கீழே இருக்கும் படம் ஒன்று, மேலே தூக்கிய படம் ஒன்று. தொடக்கமும் முடிவும் என்று நினைத்து நான் போட்டவை. அவர் இரண்டையும் இரண்டு தனிப் பயிற்சியாக எடுத்துக்கொண்டார். முதல் படத்துக்குக் காலை நீட்டிச் சும்மா படுத்திருந்தார். இரண்டாவது படத்துக்குக் காலைத் தூக்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டு, முகம் சிவக்க அப்படியே வைத்திருந்தார். அவருக்கு ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை போகிறது என்பது என் கையிலிருந்த அட்டையிலேயே இருந்தது.

அதன்பிறகுதான் கேட்க வேண்டியதைக் கேட்டேன். கேள்வியை மாற்றி, "வீட்ல எங்கம்மா படுத்துச் செஞ்சீங்க? அன்னிக்கு என்ன நடந்துச்சு?" என்றேன்.

வீட்டில் அவருக்குக் கட்டில் இல்லை. ஹாலில் பாய் விரித்துப் பேரப்பிள்ளைகளோடு படுக்கிறார். அந்த முழங்காலோடு தரையில் உட்காருவதும் எழுவதும்தான் அவருக்கு நாளின் மிகப் பெரிய வேதனை. ராத்திரி ஒரு தடவை இறங்குவார், காலையில் மகன் கைகொடுத்து எழுப்புவான். நான் எழுதியபடி நாளுக்கு இரண்டு வேளை செய்ய வேண்டுமானால் பகலில் இன்னும் இரண்டு தடவை தரைக்கு இறங்கி ஏற வேண்டும். மகன் வேலைக்குப் போய்விடுவான். எழுப்ப ஆளில்லை. இருந்தும் முதல் நாள் செய்திருக்கிறார். சுவரைப் பிடித்து, பிளாஸ்டிக் நாற்காலியைப் பிடித்து எழப் பார்த்திருக்கிறார், நாற்காலி சறுக்கியிருக்கிறது. விழவில்லை, ஆனால் முழங்கால் வலி எகிறிவிட்டது.

"வலிச்சா நிப்பாட்டுன்னு நீதானே பாப்பா எழுதியிருக்க" என்றார். மிஸ்ஸி பாப்பாவாகிவிட்டது. "குந்துனாலும் வலிக்குது, ஏந்திரிச்சாலும் வலிக்குது, நடந்தாலும் வலிக்குது. வலியில்லாம இருக்கிற நேரமே கெடையாது. அப்ப நான் எப்பத்தான் செய்யிறது?"

அவர் என் தாளுக்குக் கீழ்ப்படிந்திருந்தார். ஏழு பயிற்சிகளில் அவருக்கு ஐயமில்லாமல் புரிந்த ஒரே வரி "வலித்தால் நிறுத்தவும்." அந்த ஒரு வரியைச் சொன்னபடி நிறைவேற்றியிருந்தார். அதைத்தான் நான் ஒத்துழைப்புக் குறைவு என்று எழுதியிருந்தேன்.

அந்த வரி முழங்கால் தேய்மானத்துக்குப் பொருந்தவே பொருந்தாது. இதை நான் படித்திருந்தேன், தேர்விலும் எழுதியிருந்தேன். தேய்ந்த மூட்டுக்குப் பயிற்சி கொடுக்கும்போது ஓரளவு வலி வரும் என்பதை முன்கூட்டியே ஏற்றுக்கொண்டுதான் பயிற்சியே வகுக்கப்படுகிறது. டென்மார்க்கில் 2013-ல் தொடங்கிப் பல நாடுகளுக்குப் பரவிய கிளாட் என்ற முழங்கால், இடுப்புத் தேய்மானப் பயிற்சித் திட்டத்தில் வலியைப் பூஜ்யத்திலிருந்து பத்து வரை அளக்கிறார்கள். இரண்டு வரை கவலையில்லை, ஐந்து வரை ஏற்கலாம், அதற்கு மேல் போனால் குறைக்க வேண்டும். அதைவிட முக்கியமான பாதி ஒன்று உண்டு. பயிற்சியால் கூடிய வலி 24 மணி நேரத்துக்குள் பழைய அளவுக்கு இறங்கிவிட வேண்டும். இறங்கினால் மூட்டு அந்த வேலையைத் தாங்குகிறது என்று பொருள். இறங்காவிட்டால் வேலை அதிகம், அளவைக் குறைக்க வேண்டும். அப்போதும் பயிற்சியை விட்டுவிடச் சொல்வதில்லை.

பிறகு ஏன் "வலித்தால் நிறுத்தவும்" என்று எழுதினேன்? அது என்னைக் காப்பாற்றும் வரி. ஏதாவது ஆகிவிட்டால், "நான் எழுதித்தானே கொடுத்தேன்" என்று சொல்லிக்கொள்ளலாம். எந்த வலியோடு தொடரலாம், எந்த வலிக்கு நிறுத்த வேண்டும், எதற்கு உடனே மருத்துவமனைக்கு வர வேண்டும் என்று பிரித்து எழுத யோசிக்க வேண்டும், பொறுப்பேற்க வேண்டும். எனக்கு அதற்குப் பயமாக இருந்தது.

அந்தத் தாளின் மற்ற குறைகளுக்கும் வேர் அதே இடத்தில்தான் இருக்கிறது. ஏழு பயிற்சி எதற்கு? எனக்கு ஏழும் தெரியும் என்று காட்டுவதற்கு. வயதானவர்களுக்கு எத்தனை பயிற்சி கொடுக்கலாம் என்று 1999-லேயே அமெரிக்க பிசியோதெரபி சஞ்சிகையில் ஓர் ஆய்வு வந்திருக்கிறது. 65 வயதுக்கு மேற்பட்டவர்களில் இரண்டே பயிற்சி பெற்றவர்கள், எட்டுப் பயிற்சி பெற்றவர்களைவிடச் சரியாகச் செய்துகாட்டினார்கள். எங்கள் விரிவுரையாளர் வகுப்பில் சொன்ன ஆய்வுதான் அது. குறிப்பெடுத்து வைத்திருந்தேன்.

மொழியும் அப்படித்தான். வீட்டில் நான் பேசுவது அந்த அம்மா பேசும் தமிழ்தான். "குந்து", "ஏந்திரி", "மடக்கு", "நீட்டு" என்று சொல்லித்தான் என் பாட்டி காலுக்குத் தைலம் தேய்த்துவிடுவேன். மருத்துவமனைத் தாளில் அந்தத் தமிழை எழுத எனக்கு வெட்கமாக இருந்தது. தோட்டத்துப் பிள்ளை என்று தெரிந்துவிடுமோ என்ற கூச்சம். பல்கலைக்கழகம் வரை போய்ப் படித்தவள் எழுதிய தமிழ்போல் தெரிய வேண்டும் என்று "நிலைநிறுத்தி", "மூட்டினை" என்றெல்லாம் எழுதினேன். இதை யாரும் என்னைச் செய்யச் சொல்லவில்லை.

தாளைத் திரும்ப எழுதச் சில வாரங்கள் பிடித்தன. அதை அறையில் உட்கார்ந்து எழுதவில்லை. அந்த அம்மாவோடும், அன்றன்று வந்த மற்ற பெரியவர்களோடும் ஒவ்வொரு வரியாகச் சோதித்து எழுதினேன். ஏழு பயிற்சி இரண்டானது. இரண்டும் நாற்காலியில் உட்கார்ந்தபடி. தரைக்கு இறங்க வேண்டியதில்லை. எழுத்தின் அளவை ஏறக்குறைய இரு மடங்காக்கினேன்.

முதல் பயிற்சி: பிளாஸ்டிக் நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். எதிரே இன்னொரு நாற்காலி. அதன் மேல் வலிக்கிற காலை நீட்டி வையுங்கள். ஒரு துண்டைச் சுருட்டி முழங்காலுக்கு அடியில் வையுங்கள். முழங்காலால் அந்தத் துண்டைக் கீழே அமுக்குங்கள். அமுக்கும்போது தொடையைக் கையால் தொட்டுப் பாருங்கள், கெட்டியாக இருக்க வேண்டும். வாய்விட்டு ஒன்றிலிருந்து ஐந்துவரை எண்ணுங்கள். விடுங்கள்.

இதில் ஒவ்வொரு வரியும் ஒரு தவறைப் பார்த்தபின் வந்தது. "தசையைச் சுருக்கு" என்றபோது பலர் கால்விரலைச் சுருக்கினார்கள். "துண்டை அமுக்கு" என்றால் தசை தானாகச் சுருங்குகிறது, தசையைப் பற்றி ஒரு சொல்லும் தேவைப்படவில்லை. சிலர் குதிகாலால் நாற்காலியை அமுக்கினார்கள். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும், ஆனால் குதிகாலை அமுக்கும்போது வேலை செய்வது தொடையின் பின்பக்கமும் பிட்டமும். சரியாகச் செய்கிறோமா என்று வீட்டில் தனியாக இருப்பவருக்கு எப்படித் தெரியும்? அதற்குத்தான் தொடையைத் தொட்டுப் பார்க்கும் வரி. முன்தொடை கெட்டியானால் சரி, மெத்தென்று இருந்தால் அமுக்குவது குதிகால். வாய்விட்டு எண்ணச் சொன்னது மூச்சுக்காக. வாயால் எண்ணிக்கொண்டு மூச்சைப் பிடிக்க முடியாது. "மூச்சை அடக்காதீர்கள்" என்று முன்பு எழுதியபோது அதைப் படித்தவுடனேயே மூச்சை அடக்கியவர்களைப் பார்த்தேன்.

இரண்டாவது, நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது. முதலில் "கையை ஊன்றாமல் எழவும்" என்று எழுதினேன். அந்த அம்மாவால் அது முடியவே முடியாது, முடியாததை முதல் நாளே எழுதினால் இரண்டாம் நாள் தாளைப் பார்க்கவே மாட்டார். ஆகவே படியாக வைத்தோம். நாற்காலியில் தலையணை போட்டு உயர்த்தி, முன்னால் சாப்பாட்டு மேசையில் இரண்டு கையையும் வைத்து எழுவது முதல் படி. உயரம் கூடினால் முழங்கால் குறைவாக மடங்கும், எழுவது எளிது. அது சுலபமானதும் ஒரு கை. பிறகு கையில்லாமல். அதற்குப்பின் தலையணையை எடுத்துவிடுவது. உட்காரும்போது பொத்தென்று விழாமல் மெதுவாக இறங்க வேண்டும் என்பதைத் தனி வரியாக எழுதினேன். மெதுவாக இறங்கும்போதும் தசைக்கு வேலை உண்டு.

"10 × 3, நாளொன்றுக்கு 2" என்பது என்ன ஆனது என்றும் சொல்ல வேண்டும். அந்த அம்மா அதைப் பத்து நாள், மூன்று வேளை என்று நினைத்திருந்தார். இன்னொரு ஐயா அதை எதற்கோ எழுதிய கணக்கு என்று விட்டுவிட்டார். இப்போது: காலையில் பசியாறியதும் பத்துத் தடவை. சாயந்தரம் தேத்தண்ணி குடித்ததும் பத்துத் தடவை. மூன்று சுற்று வேண்டாம் என்று விட்டுவிட்டோம். எழுதிய முப்பதைவிடச் செய்த பத்து தசைக்குப் பலன் தரும். பத்து சுலபமானபின் கூட்டிக்கொள்ளலாம். நேரத்தைக் கடிகாரத்தில் எழுதாமல் பசியாறலோடும் தேநீரோடும் சேர்த்ததற்கு மறதிதான் காரணம். அந்த இரண்டையும் அவர் மறப்பதில்லை.

வலியைப் பற்றிய பகுதிக்குத்தான் அதிக நாள் ஆனது. பத்துக்கு எத்தனை என்ற அளவுகோல் அவரிடம் செல்லவில்லை. கேட்டால் "பத்து" என்பார், இல்லாவிட்டால் சிரிப்பார். அவரே தன் வலியை எப்படிச் சொல்கிறார் என்று கவனித்தேன். "தாங்கிக்கிற வலி" என்பார், "பல்லக் கடிக்கிற வலி" என்பார். அந்த இரண்டையும் வாங்கித் தாளில் போட்டேன்.

"செய்யும்போது கொஞ்சம் வலிக்கும். தாங்கிக்கிற வலி என்றால் செய்யலாம். மூட்டு கெட்டுப்போகாது. பல்லைக் கடிக்கிற வலி வந்தால் அன்றைக்கு அதோடு விடுங்கள். மறுநாள் அதே நேரத்துக்கு வலி பழைய அளவுக்கு இறங்கியிருந்தால் மறுபடி செய்யுங்கள். இறங்காவிட்டால் பத்தை ஐந்தாகக் குறையுங்கள். விட்டுவிட வேண்டாம்."

இதற்குக் கீழே கட்டம் கட்டித் தனியாக: "முழங்கால் சிவந்து, சூடாக வீங்கினால், காய்ச்சல் வந்தால், கெண்டைக்கால் வீங்கி வலித்தால், காலை ஊன்றவே முடியாவிட்டால் பயிற்சி வேண்டாம். அன்றே மருத்துவமனைக்கு வாருங்கள்." மூட்டில் கிருமித் தொற்று, காலில் ரத்தக்கட்டு போன்றவற்றின் அறிகுறிகள் இவை. இவற்றைத் தேய்மான வலியோடு சேர்த்து ஒரே வரியில் "வலித்தால் நிறுத்தவும்" என்று எழுதியவள் நான். தொடர வேண்டியவர் நிறுத்துவார். உடனே ஓடிவர வேண்டியவர் நிறுத்திவிட்டு வீட்டிலேயே இருந்துவிடுவார். இரண்டு பக்கமும் ஆபத்து.

புதுத் தாளைக் கொடுத்த அன்று "புரிஞ்சுதா" என்று கேட்கவில்லை. "வீட்டுக்குப் போனதும் உங்க மகனுக்கு இதை எப்படிச் சொல்வீங்க, எனக்குச் சொல்லிக் காட்டுங்கம்மா" என்றேன். சொன்னார், செய்தும் காட்டினார். ஒரு இடத்தில் தவறினார், குதிகாலை அமுக்கினார். அது அவர் தவறில்லை, தாளில் அந்த வரி தெளிவாக இல்லை என்று எடுத்துக்கொண்டு அங்கேயே பேனாவால் திருத்தினேன். இந்த முறைக்கு ஆகிற நேரம் ஐந்தாறு நிமிடம். வரிசையில் ஆள் காத்திருக்கும்போது அந்த நேரம் பெரிதாகத்தான் தெரியும். அதைச் சேமிக்கப் பார்த்துத்தான் முதல் முறை இரண்டு வாரத்தைப் பாழாக்கினேன்.

தாள் எல்லாவற்றையும் தீர்த்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். அந்த அம்மாவின் மூட்டு தேய்ந்ததுதான், அது திரும்ப வளராது. வீட்டில் விசேஷம் வந்தபோது ஒரு வாரம் செய்யவில்லை. பேரனுக்குக் காய்ச்சல் வந்தபோதும் விட்டுப்போனது. இரண்டு மாதம் போலக் கழித்து, தலையணை இல்லாத நாற்காலியிலிருந்து ஒரு கையை மட்டும் மேசையில் வைத்து எழுந்தார். தொடையில் தசை கையில் தட்டுப்பட்டது. வலி இருக்கிறது, ஆனால் குறைவு என்றார். படுக்கப் பாய்க்குப் பதில் மகன் ஒரு கட்டில் வாங்கிப் போட்டிருந்தான். அதற்கும் தாளுக்கும் சம்பந்தமில்லை, ஆனால் தரையில் படுப்பதைப் பற்றி நான் கேட்ட பிறகுதான் அந்தப் பேச்சு வீட்டில் வந்திருக்கிறது. முதல் நாளே கேட்டிருக்க வேண்டும். "எங்க படுப்பீங்க" என்று ஒரு கேள்வி. எங்கள் மதிப்பீட்டுப் படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை. கட்டம் இல்லாததால் கேட்கவில்லை என்பது காரணமாகாது.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. பழைய தாளை அந்த அம்மாவுக்கு மட்டுமா கொடுத்தேன்? அவருக்கு முன்னும் பின்னும் பலருக்குக் கொடுத்தேன். சிலர் திரும்ப வந்தார்கள். பலர் வரவில்லை. வராதவர்களின் குறிப்பில் "மறுசந்திப்புக்கு வரவில்லை" என்று எழுதிக் கோப்பை மூடியிருக்கிறோம். அவர்களில் எத்தனை பேர் அந்தத் தடித்த வரியைப் படித்து நிறுத்திவிட்டு, நிறுத்தியதால் வெட்கப்பட்டு வராமல் இருந்தார்களோ, அதை இனி அறிய வழியில்லை. மேற்பார்வை அக்காவிடம் சொல்லிப் பழைய பிரதிகளை எடுத்துக் கிழித்தோம். வீடுகளுக்குப் போய்விட்டவற்றை என்னால் திரும்ப வாங்க முடியாது. அவை இன்னும் யாராவது ஒருவரின் அலமாரியிலோ சாமி மாடத்துக்குப் பக்கத்திலோ மருந்துச்சீட்டுகளோடு இருக்கும், இன்னும் அதே தவறைச் சொல்லிக்கொண்டிருக்கும்.

களைத்த நாட்களில் இன்னும் "புரிஞ்சுதாம்மா?" என்று என் வாயில் வந்துவிடுகிறது. வந்ததும் நிறுத்திக்கொண்டு, செய்துகாட்டச் சொல்கிறேன். எப்போதும் நிறுத்திக்கொள்கிறேன் என்று சொன்னால் அது பொய்.

இதைப் படிப்பவர்களில் பலர் வீட்டில் பெற்றோருக்கோ பாட்டி தாத்தாவுக்கோ இப்படி ஒரு தாள் வந்திருக்கும். அதை எடுத்துப் பாருங்கள். எங்கே உட்கார்ந்து செய்வது, எப்போது செய்வது, எத்தனை தடவை, எந்த வலியோடு தொடரலாம், எந்த அறிகுறிக்கு உடனே வர வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கிறதா? அவரையே படித்துச் செய்துகாட்டச் சொல்லுங்கள், நீங்கள் இடையில் பேசாதீர்கள். எங்காவது தடுமாறினால் அந்தத் தாளோடு அடுத்த சந்திப்புக்கு வந்து, எழுதிக் கொடுத்தவரிடம் நீட்டி, "இது எங்கம்மாவுக்குப் புரியல, மாத்தி எழுதிக் கொடுங்க" என்று சொல்லுங்கள். தயங்க வேண்டாம். மாற்றி எழுதித் தருவது எங்கள் வேலை.